மடையா, கலுங்கா: அறிமுகமில்லாத பொறியாளருக்கு ஒரு மெயில்

*"மதுரையில் சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். உசிலம்பட்டி பக்கம் எங்க ஊர்க் கண்மாயில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கு என்பதுதான் ப்ராஜெக்ட். பழைய பதிவேட்டில் இருக்கிற மட்டமும் நாங்க எடுத்த மட்டமும் ஒத்துப்போகலை. கண்மாய்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிற ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருத்தரை வழிகாட்டியாகப் பிடிக்கணும்னு ஆசை. முன்னாடி இதே மாதிரி நாலு பேருக்கு மெயில் போட்டேன், ஒருத்தரும் பதில் போடலை. 'தங்களைப் போன்ற மாமனிதரின் பாதச்சுவட்டில் நடக்க விழையும் எளியேன்…' என்று ஆரம்பித்து, 'தாங்கள் என் வழிகாட்டியாக இருந்து மேலான ஆலோசனைகள் வழங்க வேண்டும்' என்று முடித்திருந்தேன். காக்கா பிடிக்காம எப்படி எழுதுறது? என்ன கேட்கிறது?"*

உங்கள் கேள்வியில் என் கண் நின்ற இடம், "மட்டம் ஒத்துப்போகலை" என்ற ஒரு வரி. அதை எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நாலு பேருக்குப் போன மெயிலில் அது இருந்ததா? இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் காட்டியிருக்கிற முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் ஒரு கண்மாய் நுழைய இடமே இல்லை.

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கண்மாய் வேலைகளில் இருக்கிறவன். மாதத்துக்கு மூன்று நான்கு மெயிலாவது இப்படி வரும். பதில் போடாமல் விட்டவை நிறைய. ஏன் விட்டேன் என்று யோசித்தால், திமிரோ வேலைப்பளுவோ பெரிய காரணமில்லை. படித்து முடித்ததும் என்ன எழுதுவது என்றே தெரியாது. "மாமனிதர்" என்றால் நான் என்ன பதில் சொல்வது? "இல்லை தம்பி, நான் சாதாரண ஆள்" என்று எழுத வேண்டும். அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக்குப் பார்ப்போம் என்று வைப்பேன். நாளை வரும், மெயில் கீழே போய்விடும்.

நாம் போஸ்டர் ஊர்க்காரர்கள். காதுகுத்துக்கே நாலு முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டி அடைமொழி போடுகிற பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஃப்ளெக்ஸ் ஊரே பார்ப்பதற்காக வைப்பது. மெயிலை ஒரே ஒருத்தர்தான், தனியாக உட்கார்ந்து படிக்கிறார். தனியாக இருக்கும்போது புகழ்ச்சி கூச்சமாக இருக்கும், அதோடு அடுத்து ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறார்கள் என்று உள்ளுக்குள் மணி அடிக்கும். உங்கள் மெயிலிலும் அதேதான் நடந்தது. மாமனிதர் என்று தொடங்கி, வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்று முடிகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம் முதல் நாளே சம்பந்தம் பேசுவது மாதிரி. அவர் நல்லவராகவே இருந்தாலும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார்.

மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை. "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்" என்று தொடங்குவது காக்கா பிடிப்பதில் சேராது, அது நம் வழக்கம். அது இல்லாமல் வெறும் பெயரைப் போட்டு எழுதினால்தான் அந்தத் தலைமுறைக்கு உறுத்தும். மரியாதை அந்த ஒரு வரியோடும் "நீங்கள்" என்ற சொல்லோடும் முடிந்துவிட்டது. அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு அடைமொழியும் உங்கள் கண்மாயை ஒரு வரி கீழே தள்ளுகிறது.

சரி, புகழ்கிற இடத்தில் என்ன வைப்பது? அவர் எழுதியதை வைத்துக்கொண்டு நீங்கள் செய்த ஒரு வேலையை வைக்க வேண்டும். "உங்கள் கட்டுரை அருமை" என்று எழுத அதைப் படித்திருக்கக்கூட வேண்டாம். "மட்டம் எடுக்குமுன் பழைய மடையின் அடிக்கல்லைத் தேடச் சொல்லியிருந்தீர்கள், தோண்டினோம், இரண்டரை அடிக்குக் கீழே கிடைத்தது" என்று எழுத, படித்திருக்க வேண்டும், மண்வெட்டியும் பிடித்திருக்க வேண்டும். இதில் ஒரு பாராட்டுச் சொல் கூட இல்லை. ஆனால் எழுதினவருக்கு இதைவிட இனிக்கிற வரி வேறு இருக்காது. தான் சொன்னதை ஒரு பையன் வெயிலில் நின்று செய்து பார்த்திருக்கிறானே என்று நிமிர்ந்து உட்காருவார். அப்படிச் செய்து பார்க்கும் அளவுக்கு ஒருவருடைய எழுத்தில் உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால், அவருக்கு மெயில் போடுகிற நேரம் இன்னும் வரவில்லை.

இன்னொன்று. நாலு பேருக்கும் ஒரே மெயிலா போட்டீர்கள்? அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் பெயரை மட்டும் பேனாவால் எழுதிக் கொடுத்தால் வாங்குகிறவருக்குத் தெரியாதா? மெயிலிலும் தெரியும். பெயரை மாற்றி வேறொருவருக்கு அனுப்ப முடியாதபடி குறைந்தது இரண்டு வரியாவது உள்ளே இருக்க வேண்டும்.

இப்போது என்ன கேட்பது என்பதற்கு வருவோம். பலர் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் சின்னதாகத் தெரிகிறவை பல உண்மையில் பெரியவை. "ஏதாவது ஆலோசனை சொல்லுங்கள்" என்பது மூன்று வார்த்தை. ஆனால் பதில் சொல்ல அவர் உங்கள் ப்ராஜெக்ட்டை முழுதாகப் புரிந்துகொண்டு, எங்கே குறை என்று அவரே கண்டுபிடித்து, ஒரு பக்கம் எழுத வேண்டும். "பத்து நிமிடம் பேச முடியுமா" என்பதும் அப்படித்தான். பேச்சு பத்து நிமிடம், அதற்கு முன் எந்த நாள், எத்தனை மணி என்று நாலு மெயில் போய் வர வேண்டும். "அறிக்கையை இணைத்துள்ளேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்பது நாற்பது பக்கம். என்னைக் கேட்டால், பேரனைப் பள்ளியில் விடப் போன இடத்தில் நின்றுகொண்டே, எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல், கைபேசியில் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடிகிறதுதான் சின்னக் கேள்வி.

உங்களிடம் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. உங்கள் அளவுகள் எனக்குத் தெரியாததால் நானே சில எண்களைப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பதிவேட்டில், பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடையின் அடிக்கல்லிலிருந்து, கண்மாய் நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிகிற கலுங்கின் உச்சி வரை 8 அடி என்று இருக்கிறது. நீங்கள் மட்டக்கருவி வைத்துப் பார்த்தால் 9.2 அடி வருகிறது. அளந்ததில் தப்பில்லை என்றால், இரண்டில் ஏதோ ஒன்றைப் பிற்காலத்தில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பதிவேட்டுக்காரர்கள் அன்றைக்குக் குறித்து வைத்த மட்டக்குறிக் கல் காணாமல் போயிருக்கும், பல கண்மாய்களில் அதுதான் நிலை. அப்படியென்றால் அன்றைய மட்டத்தையும் இன்றைய மட்டத்தையும் ஏதோ ஒரு பொது இடத்தில் பொருத்தியாக வேண்டும். கலுங்கு உச்சியில் பொருத்துவதா, மடைக்கல்லில் பொருத்துவதா?

அன்று தரை சராசரியாகக் கலுங்குக்கு 6 அடி கீழே இருந்தது, இன்று 5.5 அடி கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலுங்கில் பொருத்தினால் வண்டல் அரை அடிதான். மடைக்கல்லில் பொருத்தினால், அன்று தரை கல்லுக்கு 2 அடி மேலே, இன்று 3.7 அடி மேலே. ஆக வண்டல் 1.7 அடி. ஒரே கண்மாய், ஒரே அளவுகள், விடை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். உங்கள் ப்ராஜெக்ட் முழுவதும் இந்த ஒரு முடிவில் தொங்குகிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் உங்கள் ஊர்க் கலுங்கைப் பற்றி இருக்காது. ஆனால் முப்பது வருடம் மராமத்து பார்த்தவருக்கு, எதை அடிக்கடி உயர்த்திக் கட்டுவார்கள், எதைத் தொடாமல் விடுவார்கள் என்பது கையிலேயே இருக்கும். புத்தகத்தில் கிடைக்காதது, அனுபவத்தில் உடனே கிடைப்பது, உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது. கேள்வி இந்த மூன்றுக்குள்ளும் வர வேண்டும். (எனக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. நான் இங்கேயே சொல்லிவிட்டால் நீங்கள் அவருக்கு எழுத மாட்டீர்கள்.)

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: கண்மாய் மட்டத்தில் ஒரு சந்தேகம்: மடைக்கல்லா, கலுங்கா?
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> நான் மதுரையில் சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் வண்டல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நண்பர்கள் மூன்று பேர் அளந்துகொண்டிருக்கிறோம். மட்டம் எடுக்குமுன் பழைய மடையின் அடிக்கல்லைத் தேட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தோண்டினோம். இரண்டரை அடிக்குக் கீழே கல் கிடைத்தது.
>
> பழைய பதிவேட்டில் அந்தக் கல்லுக்கும் கலுங்கு உச்சிக்கும் 8 அடி என்று இருக்கிறது. நாங்கள் இரண்டு தடவை அளந்தும் 9.2 அடி வருகிறது. கலுங்கின் மேல் சிமெண்ட் கட்டுமானம் தெரிகிறது, அதனால் கலுங்கைத்தான் உயர்த்தியிருப்பார்கள், மடைக்கல்லை நம்பலாம் என்று நினைக்கிறேன்.
>
> இப்படி வரும்போது நீங்கள் எதை அடிப்படையாக எடுப்பீர்கள், மடைக்கல்லையா, கலுங்கையா? ஒரு வார்த்தையில் சொன்னாலும் எங்களுக்குப் போதும். இப்போது இயலாவிட்டாலும் பரவாயில்லை.
>
> பணிவுடன்,
> (பெயர், கல்லூரி, ஊர், கைபேசி எண்)

இதில் சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பொருள் வரியிலேயே கேள்வி இருக்கிறது. "வழிகாட்டுதல் வேண்டி", "பணிவான வேண்டுகோள்" என்று போட்டால் திறக்குமுன்பே அலுப்பு வரும். "மடைக்கல்லா, கலுங்கா" என்று பார்த்தால், அந்தத் தொழிலில் ஊறினவருக்குத் திறக்காமல் இருக்க முடியாது. பதில் மனதில் ஓட ஆரம்பித்துவிடும்.

"இரண்டு தடவை அளந்தும்" என்ற மூன்று வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். அவர் முதலில் சந்தேகப்படப் போவது உங்கள் அளவைத்தான். அந்தச் சந்தேகத்தை அவர் கேட்டு, நீங்கள் பதில் சொல்லி என்று ஒரு சுற்று வீணாகும். உண்மையிலேயே இரண்டு தடவை அளந்திருந்தால் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் ஊகத்தைச் சொல்லிவிட்டுக் கேட்கிறீர்கள். இது முக்கியம். அப்போது அவர் "சரி" என்று ஒரு சொல் போட்டாலே முழுப் பதில். உங்கள் ஊகம் தப்பாக இருந்தால் இன்னும் நல்லது, தப்பைத் திருத்தாமல் தூங்க முடியாத ஆட்கள்தான் நம் பொறியாளர்களில் பாதிப்பேர். ஊகமே இல்லாமல் "எது சரி ஐயா?" என்று கேட்டால், வீட்டுப்பாடத்தை அவர் தலையில் கட்டுகிற மாதிரி இருக்கும்.

"இயலாவிட்டாலும் பரவாயில்லை" என்பதை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். "தங்கள் பொன்னான நேரத்தை வீணடிப்பதற்கு மன்னிக்கவும், தொந்தரவாக இருந்தால் மன்னிக்கவும்" என்று மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டால், அதுவும் காக்கா பிடிப்பதன் இன்னொரு வடிவம்தான். அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

கலுங்கின் படம் ஒன்றை மெயிலுக்குள்ளேயே சின்னதாக வைக்கலாம், சிமெண்ட் கட்டுமானம் தெரிகிற மாதிரி. கலுங்கின் மேல் பழைய கற்கள் நட்டமாக நின்றால் அவையும் தெரியட்டும். அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் அடைத்துக் கூடுதல் தண்ணீர் தேக்குகிற வழக்கம் உண்டு. நீங்கள் உச்சி என்று அளந்தது கலுங்கின் தளத்தையா, கல்லின் தலையையா என்பதை அவர் படத்திலேயே பார்த்துவிடுவார். உங்கள் வித்தியாசம் அங்கேயே தீர்ந்துபோகவும் வாய்ப்பு உண்டு, ஆகையால் அனுப்புமுன் நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்கள். டிரைவ் லிங்க் மட்டும் வேண்டாம். அனுமதியைத் திறந்து வைக்க மறந்திருப்பீர்கள், அவர் அழுத்தினால் "Request access" என்று வரும். அதைத் தாண்டி யாரும் வருவதில்லை, நானும் தாண்டினதில்லை.

தமிழிலா ஆங்கிலத்திலா என்று தயங்க வேண்டாம். அவர் தமிழில் எழுதுகிறவர் என்றால் தமிழில் போடுங்கள், தமிழ் எழுத்தில். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பினால் வயதானவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும்.

நானும் இதைக் கெடுத்தவன்தான். 2003இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் மிகவும் மதித்த ஒரு பேராசிரியருக்கு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மெயில் போட்டேன். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, இரண்டு மணி நேரம் செதுக்கி, ஐந்து கேள்வி கேட்டேன். ஐந்தும் நல்ல கேள்விகள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பதில் வரவில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு கருத்தரங்கில் தேநீர் இடைவேளையில் அவரையே பார்த்தேன். அந்த ஐந்தில் ஒன்றை மட்டும், யார் என்றுகூடச் சொல்லிக்கொள்ளாமல், கேட்டேன். கையில் டம்ளரோடு கால் மணி நேரம் விளக்கினார். ஐந்தையும் சேர்த்து அனுப்பியபோது, ஐந்துக்கும் பதில் எழுத நேரம் வரட்டும் என்று அவர் ஓரமாக வைத்திருப்பார் போலிருக்கிறது. உங்களுக்கும் இரண்டாவது கேள்வி கை அரிக்கும், பதிவேட்டுக் கொள்ளளவை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்கத் தோன்றும். அதை அடுத்த மெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லை என்றால் பத்து நாள் பொறுத்து அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு தடவை எழுதுங்கள். "ஐயா, முந்தைய மெயில் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று மறுபடி அனுப்புகிறேன்" என்று ஒரு வரி போதும். இடையில் வேலை நகர்ந்திருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், "இதற்கிடையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கலுங்கை உயர்த்திக் கட்டியது நினைவிருக்கிறது என்கிறார்" என்கிற மாதிரி. அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். யாரிடமாவது அவருடைய எண்ணை வாங்கி வாட்ஸ்அப்பில் "ஐயா மெயில் பார்த்தீர்களா" என்று போடுவது கதவைத் தட்டினவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது மாதிரி.

பதில் வந்தால் அன்றைக்கே நன்றி சொல்லுங்கள், ஒரு வரியில். அதோடு அடுத்த கேள்வியைக் கோக்காதீர்கள். பிறகு அவர் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து எழுதுங்கள்: "நீங்கள் சொன்னபடி மடைக்கல்லை வைத்துக் கணக்குப் போட்டோம். வண்டல் சராசரி 1.7 அடி வந்தது. கரையோரம் மூன்று இடத்தில் குழி தோண்டிப் பார்த்தோம், இரண்டு குழியில் ஏறத்தாழ அதே ஆழத்தில் பழைய களிமண் தரை தட்டியது. மூன்றாவதில் தட்டவில்லை, ஏன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்." இந்த மெயிலில் கேள்வியே இல்லை, கவனித்தீர்களா? எனக்கு வந்த மெயில்களில் ஒன்றிரண்டு பேர்தான் இதை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் எல்லாம் நினைவிருக்கிறது. அவர்களில் ஒரு பெண் ஆறேழு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். வழிகாட்டி என்ற சொல்லை நாங்கள் இரண்டு பேரும் இதுவரை உச்சரித்ததில்லை. அந்த மூன்றாவது குழியைப் பற்றி உங்கள் பொறியாளர் அவராகவே ஏதாவது கேட்டார் என்றால், நீங்கள் ஆசைப்பட்டது தொடங்கிவிட்டது.

கடைசியாக, கைபேசி எண் போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வயதுக்காரர்கள் பலருக்குத் தட்டச்சு ஆகாது, மெயிலைப் படித்துவிட்டு நேராகக் கூப்பிட்டுவிடுவார்கள். அதுவும் காலை ஆறரை மணிக்கு, நடைப்பயிற்சி முடித்த கையோடு. தெரியாத எண் என்று கட் பண்ணிவிடாதீர்கள். எடுத்ததும், "தம்பி, அந்தக் கலுங்கை யார் கட்டினது, ஊரில் விசாரிச்சியா?" என்றுதான் ஆரம்பிப்பார். அளவுப் புத்தகம் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.